பஞ்சுவுக்கு நான் போட்ட மார்க்

முதல் பதிலுக்கே பஞ்சுவுக்கு ஐந்துக்கு ஒன்றுதான் போட்டேன். பூஜ்யமே போட்டிருப்பேன், தாளில் அதற்கு இடம் இல்லை.

"என்னடி, ஒண்ணா?" என்றாள்.

"பின்ன? 'நெருக்கடியில நீங்களா எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்க'ன்னு கேட்டா, 'நாங்க எல்லாரும் ஒத்துமையா வேலை பாத்தோம்'ங்கிற. இதுக்குப் பேரு பதிலா? ஆண்டு விழாவுல வாசிக்கிற அறிக்கை."

அவள் சிரிக்கவில்லை. மார்க்குக்குப் பக்கத்தில் நான் காரணமாக எழுதியிருந்த அவளுடைய வார்த்தைகளைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு அப்போதே கொஞ்சம் நாக்கை அடக்கியிருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் நேர்மையாக மார்க் போடுவது என்று சத்தியம் வாங்கியவளே அவள்தான்.

நாங்கள் இருவரும் ஒரு மருத்துவமனையில் கருவிகளைச் சுத்தம் செய்து, நீராவியில் கிருமி நீக்கி, ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பும் பிரிவில் வேலை பார்த்தோம். அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத மூன்று அறைகள். முதல் அறையில் கழுவுவார்கள், நடு அறையில் ட்ரேயில் அடுக்கித் துணி சுற்றிக் கட்டுவார்கள், கடைசி அறையில் ஆட்டோகிளேவ் என்கிற பெரிய நீராவி இயந்திரம் இரைந்துகொண்டே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளை நாள் பூராவும் பஞ்சு உருட்ட விட்டார்கள், அதனால் அவள் பஞ்சு. எனக்குப் பட்டென்று கோபம் வந்து வெடிப்பதால் நான் கடுகு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் எங்கள் சொந்தப் பெயர் கிடையாது.

அந்த மருத்துவமனையை மூடப் போகிறார்கள் என்று அறிவித்துவிட்டார்கள். முதலாளிகள் கைமாறி, கட்டடம் கைமாறி, கடைசியில் எங்கள் கையில் ஒரு அனுபவச் சான்றிதழைத் திணித்து அனுப்பும் நிலைமை. அந்தச் சமயத்தில்தான் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் புதிய மருத்துவமனை ஒன்று திறக்கப் போவதாகவும், எங்கள் பிரிவுக்கு இரண்டு மேற்பார்வையாளர்கள் தேவை என்றும் விளம்பரம் வந்தது. அனுபவத்துக்கு அனுபவம், வேலைக்கு வேலை. இரண்டு பேருக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி.

எனக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மத்தியானம் ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு ஓடி அவருக்கு ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வருவேன். வீட்டுக்காரர் லாரியில் போனால் வாரம் கழித்துத்தான் தலையைக் காட்டுவார். வேறு இடத்தில் வேலை என்றால் பஸ் மாறிப் போய் வர வேண்டும், மத்தியானம் அந்த மனுஷிக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. பஞ்சுவின் பாடும் லேசு இல்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறாள். சம்பளம் நின்றால் அந்த வீட்டில் இடம் இருக்காது என்று அண்ணி ஜாடைமாடையாக இல்லை, நேராகவே சொல்லிவிட்டாளாம்.

ஒருவரை ஒருவர் பேட்டி எடுத்துப் பழகலாம் என்பது பஞ்சுவின் யோசனை. ஆட்களை வேலைக்கு எடுக்கும் அலுவலகத்தில் இருக்கும் அவளுடைய சித்தி மகள்தான் சொல்லிக் கொடுத்தாளாம். ஷிஃப்ட் முடிந்ததும் நடு அறையில் மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. ஒருத்தி கேள்வி கேட்பாள், மற்றவள் நிஜப் பேட்டி போலவே பதில் சொல்ல வேண்டும். நடுவில் நிறுத்தக்கூடாது, சிரிக்கக்கூடாது, "இரு, மறுபடி சொல்றேன்" கிடையாது. பதில் முடிந்ததும் கேட்டவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் மார்க்கை எழுதிவிட வேண்டும். பேசிவிட்டு எழுதினால் முகதாட்சண்யம் புகுந்துவிடும் என்றாள் பஞ்சு. மார்க்குக்கு ஆதாரமாக, சொன்ன வார்த்தையையே பக்கத்தில் எழுத வேண்டும். அப்புறம் பதில் சொன்னவளே முதலில் தன் குறையைச் சொல்வாள், கேட்டவள் விட்டுவிடக்கூடாத ஒன்றையும் மாற்ற வேண்டிய ஒன்றையும் சொல்வாள்.

மார்க் போடும் தாளை அவளே அழகாகக் கோடு போட்டு நகல் எடுத்து வந்திருந்தாள். கேட்ட கேள்விக்குத்தான் பதிலா, சூழ்நிலையைச் சுருக்கமாகச் சொன்னாளா, 'நாங்க' என்று நழுவாமல் 'நான்' என்று சொன்னாளா, கடைசியில் என்ன விளைந்தது, என்ன கற்றுக்கொண்டாள், அடுத்தவர்களைக் குறை சொன்னாளா, இரண்டு நிமிடத்துக்குள் முடித்தாளா, கண்ணைப் பார்த்துப் பேசினாளா. ஒவ்வொன்றையும் பார்த்து, கடைசியில் பதிலுக்கு மொத்தமாக ஐந்துக்கு ஒரு மார்க்.

பஞ்சுவின் பிரச்சினை எனக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. அவளிடம் சொல்ல ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு வருஷம் சொன்னதைச் செய்தாள், தாமதமாக வந்ததில்லை, யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. எதையும் அவளாக முடிவு செய்ததும் இல்லை. 'நீங்க செஞ்ச தவறு', 'நீங்க எதிர்த்து நின்ன சந்தர்ப்பம்', 'நீங்க மாத்திக் காட்டின விஷயம்' எது கேட்டாலும் பதில் வழவழவென்று ஓடும், கையில் ஒன்றும் நிற்காது.

"எனக்கு ஒண்ணுமே நடக்கலடி," என்றாள் ஒரு நாள்.

"நடந்திருக்கும். யோசி."

"யோசிச்சுட்டேன். எல்லாம் உனக்குத்தான் நடந்திருக்கு."

சாதாரணமாகத்தான் சொன்னாள். நானும் "அதான் எனக்கு ரத்தக் கொதிப்பு" என்று சிரித்துவிட்டேன். அன்றைக்கு அவள் சொன்ன பதிலுக்கும் இரண்டுக்கு மேல் போடவில்லை.

என்னிடம் ஒரு சம்பவம் இருந்தது. மேற்பார்வையாளர் வேலைக்கென்றே செய்து வைத்த மாதிரி சம்பவம். ஒரு நாள் காலையில் ஆட்டோகிளேவிலிருந்து வந்த ட்ரேக்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ட்ரேயைக் கட்டும் துணியின் மேல் ஒரு டேப் ஒட்டுவோம். சூடு பட்டால் அதில் உள்ள கோடுகள் கறுத்துவிடும். எல்லா டேப்பும் கறுத்திருந்தன. இயந்திரம் துப்பிய சீட்டிலும் சூடு, அழுத்தம், நேரம் எல்லாம் சரி. ஆனால் ஒரு ட்ரேயை நான் வயிற்றோடு அணைத்துத் தூக்கினேன். அப்படித் தூக்கக் கூடாது, உடம்பில் படாமல்தான் தூக்க வேண்டும். முதுகு வலித்தால் யார்தான் செய்வதில்லை? இறக்கி வைத்த பிறகு பார்த்தால் வயிற்றுப் பக்கம் நான் போட்டிருந்த மேல்கோட்டு ஈரம்.

டேப் கறுத்ததென்றால் சூடு பட்டது என்றுதான் அர்த்தம். கட்டின துணி நனைந்திருந்தால் அந்த ஈரத்தின் வழியாகவே வெளியில் இருக்கும் கிருமி உள்ளே போய்விடும். நனைந்த ட்ரே சுத்தமான ட்ரே இல்லை. நான் அந்த இயந்திரத்தில் அந்த முறை வெந்த எல்லாவற்றையும் நிறுத்தினேன். இரண்டு ட்ரேக்கள் அதற்குள் தியேட்டருக்கு ஏறிவிட்டன. படியில் ஓடிப்போய், நோயாளி மேஜையில் படுத்திருக்க, சர்ஜன் கத்தக் கத்தப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். பிறகு பார்த்தால் இயந்திரத்தின் வடிகாலில் நூலும் துணித் தும்பும் அடைத்துக்கொண்டிருந்தன. தினமும் காலையில் அந்தச் சல்லடையைக் கழற்றிக் கழுவும் வழக்கத்தை அதற்கப்புறம் நான்தான் கொண்டுவந்தேன்.

அன்று பஞ்சுவும் என் பக்கத்தில்தான் நின்றாள். "விடுடி, டேப் கறுத்திருக்குல்ல, எதுக்கு வம்பு?" என்றாள். நான் விடவில்லை. அவ்வளவுதான். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, பயந்த சுபாவம், பாவம் என்று விட்டுவிட்டேன்.

முதல் தடவை இந்தச் சம்பவத்தைப் பேட்டியில் சொல்வது போலச் சொன்னபோது நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கோட்டு நனைந்தது, படியில் செருப்பு கழன்றது, "கூட இருந்தவங்க விடச் சொன்னாங்க" என்பது வரை. பஞ்சு எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மூணு," என்றாள்.

"மூணா! ஏண்டி?"

"நேரம் தாண்டிட்ட. அப்புறம், வயித்தோட அணைச்சுத் தூக்கினேன்னு சொல்ற. அது தப்பான முறை. மேற்பார்வைக்கு வர்றவ வாயாலேயே தப்பா தூக்கினேன்னு சொல்லலாமா? 'சோதிச்சப்போ ஈரம் இருப்பதைக் கண்டேன்'னு சொல்லு, போதும்." தாளில் விரலை வைத்தாள். "கூட இருந்தவங்க விடச் சொன்னாங்கங்கிறதையும் எடுத்துடு. அடுத்தவங்களைக் குறை சொன்னா மார்க் போயிடும். தாள்லயே இருக்கு பாரு."

தாளில் இருந்தது. விடச் சொன்னவள் அவள்தான் என்பதால் அதை எடுக்கச் சொல்கிறாளோ என்று நினைத்தேன். சங்கடமாக இருக்கும், இருக்கட்டும் என்று இரண்டையும் எடுத்துவிட்டேன். மறுநாள் சொன்னபோது நான்கு போட்டாள். செருப்பு கழன்றதையும் சர்ஜன் கத்தியதையும் எடுத்த பிறகு ஐந்து.

"இப்பதான் கச்சிதமா இருக்கு," என்றாள்.

எனக்கே அந்தப் பதிலைக் கேட்க யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பது போல இருந்தது. ஆனால் ஐந்து மார்க் வாங்கினவளுக்கு அதெல்லாம் உறைக்குமா?

பேட்டிக்கு வரச் சொல்லி இரண்டு பேருக்கும் மின்னஞ்சல் வந்தது. நான் சந்தோஷத்தில் கடைசிவரை படிப்பதற்குள் பஞ்சு படித்துவிட்டாள். பணியிடம் ஒன்று என்று போட்டிருந்தார்கள். விளம்பரத்தில் இரண்டு, கடிதத்தில் ஒன்று. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். "இனிமே என்னடி பண்றது? இதை நிறுத்திடலாம். அவங்கவங்க வீட்ல படிச்சுக்குவோம்."

"ஏன் நிறுத்தணும்?" என்றாள் பஞ்சு. "இப்பதான் நேர்மையா மார்க் போடணும். நம்ம ரெண்டு பேருல யாருக்குக் கிடைச்சாலும் சரிதானே?"

அந்தக் குரலில் வருத்தமோ பதற்றமோ இல்லை. அண்ணியிடம் பேச்சு வாங்கிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வரும் பஞ்சு இல்லை இது. ஒரு நிமிஷம் எனக்குச் சந்தேகம் தட்டியது. இவ்வளவு பெரிய மனசுள்ளவளைச் சந்தேகிக்கிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவள் தன் கைபேசியை மேஜை மேல் வைத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தாள். "நம்ம குரலை நாமே கேட்டாத்தான் எங்க இழுக்கிறோம்னு தெரியும்" என்றாள். அதுவும் நியாயம்தான். பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வருவாள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டாக ஒரு பக்கத்தை இழுத்து என் காதில் வைத்தேன். அவள் குரல் இல்லை, என் குரல் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாள் சொன்ன, மூன்று மார்க் வாங்கிய, அந்த நீளமான பதில். பதிவு செய்ய ஆரம்பித்தது போன வாரம்தானே, அது எப்படி இதில் இருக்கிறது என்று கேட்டேன்.

"முதல்ல இருந்தே பண்ணிட்டுத்தான் இருந்தேன். உங்கிட்ட சொல்லலயா?" என்று வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

சொல்லவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும், சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனால் மாமியாரின் ஈரத் துணி காத்திருந்தது, அதை மாற்றும்போது மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

பேட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பஞ்சு சொன்னாள், "இடம் மாத்திப் பாக்கலாமா? உன் பதிலை நான் சொல்றேன். வெளியில இருந்து கேட்டா உனக்கே எது தொங்குதுன்னு தெரியும். சித்தி மக அப்படித்தான் செய்வாங்கன்னு சொன்னா."

"சொல்லு, பாக்கலாம்," என்றேன்.

அவள் எழுந்து போய் வாசலில் நின்று, கதவைத் தட்டி, உள்ளே வந்து உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள், எனக்குத்தான் கண்ணாடி கிடையாதே. நான் கேள்வியைப் படித்தேன். "நெருக்கடியில நீங்களா எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்க."

அவள் என் கண்ணைப் பார்த்தாள். "அன்னைக்குக் காலையில நான் ட்ரேக்களை இறக்கிட்டிருந்தேன்," என்று தொடங்கினாள். நான் பேசும்போது இடது கை விரலால் வலது மணிக்கட்டைத் தேய்ப்பேனாம், எனக்கே தெரியாது, அவள் தேய்த்தாள். வேகம் வரும் இடத்தில் எனக்கு வரும் அதே வேகம் வந்தது. படியேறும் இடத்தில் மூச்சு வாங்கியது. நாங்கள் வெட்டிப் போட்டதையெல்லாம் அவள் சேர்க்கவில்லை. கச்சிதமான பதிலைத்தான் சொன்னாள். ஆனாலும் நான் சொன்னதைவிட அது நிஜமாக இருந்தது. நடு அறையில் அவளும் நானும் மட்டும் இருக்கிறோம், ஆட்டோகிளேவைக்கூட அணைத்துவிட்டார்கள், அவ்வளவு அமைதி.

"மார்க் போடு," என்றாள் பஞ்சு. கண்ணாடியை இன்னும் போட்டுக்கொள்ளவில்லை.

பேசுவதற்கு முன் எழுத வேண்டும், அதுதான் விதி. பொய் மார்க் போட எனக்கு வராது. ஐந்து என்று எழுதினேன்.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். என்னிடமிருந்து அவள் வாங்கிய முதல் ஐந்து அது. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. நான்தான் லூசு மாதிரி, அவளைக் கட்டிப்பிடித்து, "நீயும் உன் சொந்தக் கதை ஒண்ணை இதே மாதிரி சொல்லுடி, ஜமாய்ச்சிடலாம்" என்றேன்.

"சொல்றேன்," என்றாள்.

பேட்டி நடந்த இடம் புதிய மருத்துவமனையின் மூன்றாவது மாடி. சுவரில் பெயின்ட் வாடை போகவில்லை, நாற்காலிகளில் பிளாஸ்டிக் உறை கிழிக்கப்படவில்லை. வந்திருந்த மற்றவர்களைக் கூப்பிட்டு முடித்த பிறகு, கடைசியாகத்தான் எங்கள் முறை வந்தது. பஞ்சு எனக்கு முன்னால் உள்ளே போனாள். கதவு மூடுவதற்கு முன் அவள் கண்ணாடியைக் கழற்றுவதைப் பார்த்தேன். ரொம்ப நேரம் உள்ளே இருந்தாள். ஒரு தடவை உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நல்லபடியாகப் போகிறது, பாவம், என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். வெளியே வந்தவள் என்னைப் பார்க்காமல் கழிப்பறைப் பக்கம் போய்விட்டாள்.

உள்ளே மூன்று பேர். நர்சிங் கண்காணிப்பாளர் அம்மா ஒருவர், வயதான சர்ஜன் ஒருவர், ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து ஒரு இளைஞர். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தாள், எங்கள் தாளைப் போலவே கட்டம் போட்டது. எல்லோருக்கும் ஒரே கேள்விகள்தான் கேட்போம் என்று அந்த இளைஞர் முதலிலேயே சொன்னார். வேலையைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் படபடவென்று பதில் சொன்னேன். கண்காணிப்பாளர் அம்மா தலையாட்டிக்கொண்டே எழுதினார். எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

"நெருக்கடியில நீங்களா எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்க," என்றார் அந்த அம்மா.

நான் கச்சிதமான பதிலை எடுத்தேன். "ஒரு நாள் காலையில ட்ரேக்களைச் சோதிச்சப்போ அதுல ஒண்ணுல ஈரம் இருப்பதைக் கண்டேன்…"

அம்மாவின் பேனா நின்றது. சர்ஜன் அந்த அம்மாவைப் பார்த்தார், அந்த அம்மா இளைஞரைப் பார்த்தார். நான் விடாமல் முழுவதையும் சொல்லி முடித்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எங்கும் இழுக்கவில்லை, 'நாங்க' என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல, அறையில் யாரும் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"ஈரத்தை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார் சர்ஜன். குரல் மெதுவாகத்தான் இருந்தது.

அப்போதும் எனக்கு முழுசாகப் புரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று, "வயித்தோட அணைச்சுத் தூக்கிட்டேன் சார். முறை இல்லதான். என் கோட்டு நனைஞ்சுது, அதுலதான் தெரிஞ்சுது," என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "படியில ஏறும்போது செருப்பு கழண்டுதா?"

எனக்குப் பகீரென்றது. உட்கார்ந்திருந்த நாற்காலியின் பிளாஸ்டிக் உறை தொடையில் ஒட்டிக்கொண்டது.

"சார்," என்று இளைஞர் தடுத்தார். "அது வேற ஒருத்தர் சொன்னது, நாம இங்க…"

"கேக்கணும் தம்பி. இது சின்ன விஷயம் இல்ல." சர்ஜன் என் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேரும் ஒரே இடத்துல வேலை பாத்தீங்க. அன்னைக்குக் கூட நின்ன ஒருத்தங்க, 'விட்டுடு, டேப் கறுத்திருக்கு, எதுக்கு வம்பு'ன்னு சொன்னாங்களாம். பேரு கேட்டேன், கூட வேலை பாத்தவங்களைக் குறை சொல்ல விரும்பலன்னு சொல்லிட்டாங்க." பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, அது நீங்களா?"

"இல்ல சார்! அது அவ! அவதான் விடச் சொன்னா, நான்தான் நிறுத்தினேன். அது என் ட்ரே, என் கோட்டு. அவ என் வாயைப் பிடுங்கித் தெரிஞ்சுக்கிட்டு…" கத்திவிட்டேன். எழுந்துகூட நின்றுவிட்டேன் போலிருக்கிறது. வடிகாலைச் சொன்னேன், சல்லடையைச் சொன்னேன், அடைத்திருந்த நூலைச் சொன்னேன். நான் எதைச் சொன்னாலும் அந்த அம்மா ஏற்கெனவே கேட்டது போலத் தலையைத் தாழ்த்திக்கொண்டார். பஞ்சுவிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்றுமே இல்லை. பழைய இடத்தில் விசாரிக்கச் சொல்லலாம் என்றால், அங்கே விசாரிக்க யார் இருக்கிறார்கள்? அன்றைய மேலதிகாரி வெளிநாடு போய்விட்டார், அன்று கத்திய சர்ஜன் ஓய்வு பெற்றுவிட்டார், தியேட்டரில் இருந்தவர்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள், கட்டடத்துக்குப் பூட்டுப் போட ஆள் வந்துவிட்டது. அன்று ஆட்டோகிளேவுக்குப் பக்கத்தில் நின்றது நானும் அவளும்தான்.

"உக்காருங்க," என்றார் அந்த அம்மா அன்பாக. அந்த அன்புதான் என்னை முடித்துவிட்டது. மூன்று பேரும் பேசாமல் ஆளுக்கொரு மார்க் எழுதினார்கள். தலைகீழாகத் தெரிந்த தாளைப் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெளியே வந்தபோது பஞ்சு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவியிருந்தாள். நேராகப் போய் அவள் முன்னால் நின்றேன். அறைய வேண்டும் என்றுதான் போனேன், பொய் சொல்லவில்லை.

"ஏண்டி இப்படிப் பண்ணின? ஏண்டி? என் வயித்துல அடிச்சிட்டியே!"

அவள் நிமிர்ந்தாள். "மெதுவாப் பேசு. உன் பேரை நான் சொல்லலயே."

"என் கதைடி அது!"

"நானும் அங்கதானே இருந்தேன்?"

"இருந்த. விடச் சொன்னது நீதான். ட்ரேயைத் தூக்கினது யாரு? சொல்லு, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு!"

பஞ்சு என் முகத்தைப் பார்த்தாள். யோசிப்பது போல நெற்றி சுருங்கியது. பிறகு சுருக்கம் போய்விட்டது.

"நான்தானே தூக்கினேன்," என்றாள். "என் கோட்டுதானேடி நனைஞ்சுது. சில்லுன்னு இருந்துச்சு. நீதான் பயந்துட்ட."

குரல் தடுமாறவில்லை. கண் நகரவில்லை. கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. பன்னிரண்டு வருஷமாக இவள் பொய் சொன்னால் எனக்குத் தெரியும், காது மடல் சிவந்துவிடும். சிவக்கவில்லை. அவள் நடிக்கவில்லை, அதை நம்புகிறாள். எனக்குக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை, பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தில், அன்று நான்தானே தூக்கினேன் என்று எனக்குள்ளேயே ஒரு தடவை கேட்டுப் பார்த்துக்கொண்டேன். கேட்டதற்காகவே வெட்கமாக இருந்தது.

கதவு திறந்தது. அந்த இளைஞர் எட்டிப் பார்த்து, சம்பளம், சேரும் தேதி எல்லாம் பேச வேண்டும் என்று பஞ்சுவை மறுபடி உள்ளே கூப்பிட்டார். என்னைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். கீழே முதல் மாடியில் புது ஆபரேஷன் தியேட்டர்களுக்கு விளக்குப் பொருத்திக்கொண்டிருந்தார்கள், ட்ரில் சத்தம் படிவரை வந்தது. அடுத்த மாதம் அங்கே ஆட்கள் மேஜையில் படுப்பார்கள். எந்த ட்ரே போகலாம், எது போகக்கூடாது என்று கையெழுத்துப் போடப் போவது இவள். நனைந்த ட்ரே ஒன்று வந்தால் இவள் என்ன செய்வாள் என்று தெரிந்த ஆள் உலகத்திலேயே நான் ஒருத்திதான், என் பேச்சை இனி யாரும் நம்பப் போவதில்லை.

பஞ்சு எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். எப்போதும் போலத் தன் பையை என் பக்கம் நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கடி. வந்துடறேன்."

பன்னிரண்டு வருஷப் பழக்கம், கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மாமியாருக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.